தட்டைக் கூரையில் சூரியத் தகடுகள்: வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி?

மேற்குச் சிட்னியில் உள்ள சமூக மண்டபங்கள், வழிபாட்டிடங்கள், கடைத்தொகுதிகள் பலவற்றின் கூரைகள் தட்டையானவை. சாய்ந்த ஓட்டுக் கூரையில் சூரியத் தகடுகளைக் கூரையோடு ஒட்டியே பொருத்திவிடலாம். அங்கே ஒரு தகடு மற்றொன்றின்மேல் நிழல் வீழ்த்துவதில்லை. தட்டைக் கூரையிலும் வெறுந்தரையிலும் நிலைமை வேறு. அங்கே தகடுகளைத் தாங்குசட்டகங்களில் சாய்த்து நிறுத்தி, வரிசை வரிசையாக அடுக்குகிறார்கள். முன்வரிசையின் மேல்விளிம்பு எழும்பி நிற்பதால், அதன் நிழல் பின்வரிசையின் அடியில் விழக்கூடும். அந்த நிழல் விழாதிருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைப் பொருத்துநரின் சொல்லை மட்டும் நம்பி விட்டுவிடத் தேவையில்லை. அளவுநாடாவும் ஒரு பெருக்கலும் போதும். மண்டபக் குழுவினர் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் திசை. இலங்கையிலும் தமிழகத்திலும் பழகியவர்களுக்குச் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி நண்பகலில் தலைக்குத் தென்புறமாக நிற்பது வழக்கம். சிட்னி தென் அகலக்கோடு ஏறத்தாழ 34 பாகையில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் நண்பகற் சூரியன் வடக்கிலேயே நிற்கும். ஆகவே தகடுகள் வடக்கு நோக்கிச் சாய்க்கப்படுகின்றன. நிழல் தெற்கே விழுகிறது. வடக்கு என்பது இங்கே மெய்வடக்கு. திசைகாட்டியின் ஊசி சிட்னியில் மெய்வடக்கிலிருந்து 12 அல்லது 13 பாகை கிழக்கே விலகி நிற்கும். கைத்தொலைபேசியில் உள்ள திசைகாட்டியைப் பயன்படுத்துவோர் அதன் அமைப்பில் மெய்வடக்கு தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து நாளும் வேளையும். ஆண்டின் மிகத் தாழ்ந்த நண்பகற் சூரியன் யூன் 21 அல்லது 22 இல் வரும். அன்று சிட்னியில் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 33 பாகை உயரத்தில் நிற்கிறது. காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் 18 அல்லது 19 பாகைதான். இதற்கு முந்திய, பிந்திய வேளைகளில் ஒளி மிகச் சாய்ந்தும் வலுக்குன்றியும் வருவதால், அந்த நாளில் 9 மணி முதல் 3 மணி வரை நிழல் விழாதிருந்தால் போதும் என்பது துறையில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவுகோல். சிட்னிவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. யூன் மாதத்தில் இங்கே கடிகார நேரமும் சூரிய நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. சூரியன் உச்சங்கொள்வது 12 மணிக்குச் சில நிமிடம் முன்பாகத்தான். எனவே மணிக்கூட்டைப் பார்த்தே சோதிக்கலாம்.

இனிப் பெருக்கல். 1 மீற்றர் உயரமுள்ள தடியை நிலத்தில் செங்குத்தாக நட்டால், யூன் 21 காலை 9 மணிக்கு அதன் நிழல் ஏறத்தாழ 3 மீற்றர் நீளும். ஆனால் அந்த நிழல் நேர் தெற்கே போவதில்லை. சூரியன் அப்போது வடகிழக்கில் இருப்பதால் நிழல் தென்மேற்கே சரிந்து விழுகிறது. வரிசைகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன என்றால், நமக்கு வேண்டியது நிழல் தெற்கு நோக்கி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பது மட்டுமே. அது ஏறத்தாழ 2.2 மீற்றர். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் 3 மடங்கு இடைவெளி விட்டு இடத்தை வீணாக்குபவர்கள் உண்டு. நண்பகல் நிழலை மட்டும் கணக்கிட்டு 1.55 மடங்கோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. சிட்னியில் மெய்வடக்கு நோக்கிய வரிசைகளுக்கு உரிய எண் 2.2. தகட்டின் மேல்விளிம்பு அதன் கீழ்விளிம்பைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, அதை 2.2 ஆல் பெருக்கினால் முன்வரிசையின் பின்விளிம்புக்கும் பின்வரிசையின் முன்விளிம்புக்கும் இடையே விடவேண்டிய தூரம் கிடைக்கும்.

ஒரு மண்டபத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையும் மற்ற நாட்களில் முதியோர் கூட்டங்களும் நடைபெறும் ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்ளலாம். கூரை விளிம்புகளில் விடவேண்டிய ஒதுக்கிடம் போக, வடக்குத் தெற்காக 12 மீற்றர் கிடைக்கிறது. கிழக்கு மேற்காக ஒரு வரிசையில் 7 தகடுகள் அடங்குகின்றன. தகடு ஒன்று 1.72 மீற்றர் நீளமும் 1.13 மீற்றர் அகலமும் உடையது. 440 வாட் திறனுள்ளது. அது நீளவாட்டில் படுக்கையாகப் பொருத்தப்படுகிறது, அதாவது 1.13 மீற்றர்ப் பக்கம்தான் சாய்வில் மேலேறி நிற்கிறது.

குழுவுக்கு இரண்டு விலைமனுக்கள் வந்திருக்கின்றன. முதலாவது 20 பாகைச் சாய்வில் 8 வரிசைகள், 56 தகடுகள், 24 கிலோவாட்டுக்குச் சற்று மேல் என்கிறது. இரண்டாவது அதே 20 பாகைச் சாய்வில் 6 வரிசைகள், 42 தகடுகள், ஏறத்தாழ 18 கிலோவாட் என்கிறது. ஒரு கிலோவாட்டுக்கான விலை முதலாவதில் குறைவு. அன்பளிப்புகளால் சேர்ந்த பணத்தைச் செலவிடும் குழு எதுவும் முதலாவதன் பக்கம் சாய்வது இயல்பே. ஆனால் இரண்டு மனுக்களிலும் வரிசைகளுக்கிடையிலான இடைவெளி குறிப்பிடப்படவில்லை.

அதைக் கணக்கிடுவது கடினமன்று. 20 பாகையில் சாய்த்த தகட்டின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 39 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும்; கூரையில் அது அடைக்கும் ஆழம் 1.06 மீற்றர். 39 ஐ 2.2 ஆல் பெருக்கினால் 86 சென்ரிமீற்றர். 6 வரிசைகளும் அவற்றுக்கிடையே 5 இடைவெளிகளும் 10.7 மீற்றரில் அடங்கிவிடுகின்றன. 7 ஆவது வரிசைக்கு இடமில்லை. ஆகவே இரண்டாவது மனு சரியாகக் கணக்கிடப்பட்டது. முதலாவதில் 8 வரிசைகள் மட்டுமே 8.5 மீற்றரை அடைத்துக்கொள்கின்றன. மீதமுள்ள 3.5 மீற்றரை 7 இடைவெளிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 50 சென்ரிமீற்றர்தான். யூன் நண்பகலில் நிழல் 60 சென்ரிமீற்றர் எட்டும். அதாவது காலையில் மட்டுமன்று, நண்பகலிலும் பின்வரிசையின் அடியில் நிழல் படிகிறது. இந்த இடைவெளியோடு கணக்கிட்டால், மே மாத நடுப்பகுதியிலிருந்து யூலை இறுதிவரை ஒரு நாளிலேனும் முதல்வரிசை தவிர்ந்த மற்ற 7 வரிசைகள் முழுமையாக நிழல் நீங்கி நிற்பதில்லை.

ஒரு கீற்று நிழல் ஏன் இவ்வளவு பறிக்கிறது

முதலாவது மனுவின் கூரையில் யூன் நண்பகலில் பின்வரிசைத் தகட்டின்மேல் ஏறும் நிழலின் அகலம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். 1.13 மீற்றர் அகலத்தில் அது பதினாறில் ஒரு பங்கு. இழப்பும் பதினாறில் ஒரு பங்கே என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை.

தகட்டினுள் இருக்கும் மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டவை. தொடரில் உள்ள ஒரு கலத்தின் மின்னோட்டம் குறைந்தால், அந்தத் தொடர் முழுவதும் அந்த அளவுக்கே இறங்க வேண்டியிருக்கும். ஒரே குழாயில் ஓர் இடத்தை நெரித்தால் முழுக்குழாயிலும் நீரோட்டம் குறைவதைப் போன்றது இது. இதற்காகவே உற்பத்தியாளர்கள் தகட்டை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுவழி டயோட் வைக்கிறார்கள். ஒரு பகுதி நிழலில் அகப்பட்டால் மின்னோட்டம் அந்தப் பகுதியை விலக்கி டயோட் வழியே போய்விடும். மற்ற இரு பகுதிகளும் தொடர்ந்து உழைக்கும்.

மூன்று பகுதிகளும் தகட்டின் நீளவாட்டில் பட்டைகளாக ஓடுகின்றன. தகட்டைப் படுக்கையாகப் பொருத்தினால் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அமையும். கீழ்விளிம்பில் விழும் நிழல் அடிப்பட்டையை மட்டுமே தொடும். இழப்பு மூன்றில் ஒரு பங்குவரை போகலாம், அதற்குமேல் போகாது. தகட்டை நிமிர்த்தி, குறுகிய பக்கம் கீழே இருக்கும்படி பொருத்தினால் அதே நிழல் மூன்று பட்டைகளையும் ஒருசேரத் தாக்கும். அரைவெட்டுக் கலங்களைக் கொண்ட இன்றைய தகடுகளில் மேற்பாதி தனியே இயங்குவதால் ஏறத்தாழ பாதி தப்பும். பழைய முழுக்கலத் தகடுகளில் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். நிழல் விழக்கூடும் என்று தெரிந்த தட்டைக் கூரையில் தகடு எந்த வாட்டத்தில் வைக்கப்படுகிறது என்பது இதனாற்றான் முதன்மை பெறுகிறது.

நம் எடுத்துக்காட்டு மண்டபத்தில் தகடுகள் படுக்கையாகவே உள்ளன. நண்பகலின் 7 சென்ரிமீற்றர் நிழலும், காலை 9 மணிக்கு 20 சென்ரிமீற்றராக அகலும் நிழலும், பின்வரிசைகள் ஏழிலும் அடிப்பட்டையை முடக்கிவிடுகின்றன. சனிக்கிழமைக் காலையில் பிள்ளைகள் வந்து, வெப்பமூட்டிகள் இயங்கத் தொடங்கும் வேளையும் இதுவே.

சாய்வைக் குறைப்பது

6 வரிசைகளா, நிழலோடு 8 வரிசைகளா என்று குழு விவாதித்துக்கொண்டிருப்பது இரண்டு மனுக்களும் 20 பாகையை மாற்றமுடியாததாக எடுத்துக்கொண்டதால் வந்தது. சாய்வும் இடைவெளியும் ஒரே கணக்கின் இரு முனைகள். சாய்வை 10 பாகையாகக் குறைத்தால் மேல்விளிம்பின் உயரம் 20 சென்ரிமீற்றருக்கு இறங்கும். இடைவெளி 43 சென்ரிமீற்றர் போதும். கூரையில் தகடு அடைக்கும் ஆழம் 1.11 மீற்றராகச் சற்றே கூடினாலும், 8 வரிசைகளும் 7 இடைவெளிகளும் 12 மீற்றருக்குள் மட்டுமட்டாக அடங்கிவிடுகின்றன. அதே 56 தகடுகள், யூன் 21 இலும் 9 முதல் 3 வரை நிழலின்றி.

சாய்வைக் குறைத்ததால் இழப்பதென்ன? யூன் நண்பகலில் நேரொளியைப் பொறுத்தவரை 10 பாகைத் தகடு 20 பாகைத் தகட்டைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகப் பெறும். ஆனால் நிழலில் அகப்பட்ட 20 பாகைத் தகடு மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கிறது. ஆகவே சாய்வு குறைந்த கூரையே அந்த நண்பகலிலும் முந்துகிறது. டிசம்பரில் சூரியன் ஏறத்தாழ 80 பாகை உயரத்தில் நிற்கும்போது 10 பாகைத் தகட்டின்மேல் ஒளி நேர்க்குத்தாக விழுகிறது. அப்போதும் அதற்கே சற்று மேன்மை. 20 பாகையின் நன்மை இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும்தான் தெரியும். ஆண்டு மொத்தத்தில் அது சில சதவீதத்துக்கு மேற்படாது. தாழ்ந்த சாய்வைக் காற்றும் குறைவாகவே பிடிக்கும். சட்டகங்களை அழுத்தி நிறுத்தும் பாரமும் குறையும். பழைய கூரைக்கு இது சிறிய நன்மையன்று.

10 பாகைக்கும் கீழே இறங்குவது நல்லதன்று. மழைநீர் வழிந்தோடாமல் கீழ்ச்சட்டத்தின் ஓரத்தில் தேங்கி, காய்ந்ததும் அழுக்குக் கோடாகப் படியும். அந்தக் கோடும் ஒரு நிழலே. அடிப்பட்டையை அதே விதமாகத் தாக்கும்.

பணம் 42 தகடுகளுக்கு மட்டுமே உண்டு என்றால், 6 வரிசைகளை 20 பாகையில் தகுந்த இடைவெளியோடு வைப்பதே சரி. ஒவ்வொரு தகடும் அப்போது கூடுதலாகத் தரும். கூரையே பற்றாக்குறை, பணம் உண்டு என்றால் 8 வரிசைகள் 10 பாகையில். இரண்டுக்கும் நியாயம் உண்டு. நியாயமற்றது 8 வரிசைகளை 20 பாகையில் நெருக்கி வைப்பது மட்டுமே. சிறிதளவு நிழலை அறிந்தே ஏற்றுக்கொள்ளும் வடிவமைப்புகளும் உள்ளன. அதிகாலையில் அரைமணி நேரம் நிழல் விழுவதைத் தவிர்க்க ஒரு வரிசையை இழப்பது பெரும்பாலும் பயன் தராது. அப்படி ஏற்பதாயின், எந்த மாதம் எந்த வேளையில் எவ்வளவு இழப்பு என்பது எழுத்தில் இருக்கவேண்டும்.

2.2 மாறும் இடங்கள்

கட்டடங்கள் தெருவைப் பார்த்து நிற்கின்றன. வடக்கைப் பார்த்து நிற்பவை சிலவே. கட்டடம் மெய்வடக்கிலிருந்து 20 பாகை கிழக்கே திரும்பியிருந்து, வரிசைகளும் சுவரோடு இணையாக ஓடினால், காலை 9 மணியின் எண் 2.2 இலிருந்து 2.7 ஆக உயரும்; மாலை 3 மணிக்கோ 1.35 ஆகக் குறையும். நாளின் இரு பாதிகளும் சமமாக இல்லாததால், மண்டபம் எந்த வேளையில் மின்சாரத்தைச் செலவிடுகிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம். மாலையில் மட்டும் இயங்கும் மண்டபத்துக்குக் காலை நிழல் அவ்வளவு உறுத்தாது.

தரையில் பொருத்துவோருக்கு நிலத்தின் சரிவே பெரிய காரணி. கண்ணுக்குச் சமதரையாகத் தோன்றும் பின்வளவு மீற்றருக்கு 9 சென்ரிமீற்றர் வீதம், அதாவது 5 பாகை, தெற்கே சரிந்திருக்கலாம். அப்படியானால் பின்வரிசை முன்வரிசையைவிடத் தாழ்ந்து நிற்கும். 20 பாகைத் தகட்டுக்கு 86 சென்ரிமீற்றர் போதாது, ஏறத்தாழ 1.3 மீற்றர் வேண்டும். அதே சரிவு வடக்கு நோக்கி இருந்தால் 54 சென்ரிமீற்றரே போதும். எனவே இடம் தெரிவு செய்யும் வாய்ப்பு இருந்தால், வடக்கே சரியும் பக்கத்தைத் தெரிவு செய்வது இலவசமாகக் கிடைக்கும் இடைவெளி. தட்டைக் கூரைகளும் நீர் வழிவதற்காகச் சிறிது சரித்தே கட்டப்படுகின்றன. எந்தப் பக்கம் சரிகிறது என்பதை நீர்மட்டம் பார்த்து அறியலாம்.

கூரையின் வடக்கு ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இருந்தால் அதற்கும் இதே பெருக்கல்தான். முதல்வரிசைத் தகட்டின் கீழ்விளிம்பைவிடச் சுவர் 40 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால், அவற்றுக்கிடையே 88 சென்ரிமீற்றர் விடவேண்டும். வரைபடத்தில் வரிசைகளை அழகாக இடைவெளியிட்டு, முதல்வரிசையைச் சுவரோடு ஒட்டிவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

கையெழுத்திடுமுன்னும் பின்னும்

விலைமனுவில் தகடுகளின் எண்ணிக்கையும் கிலோவாட்டும் மட்டும் இருந்தால் அது நிறைவான மனு ஆகாது. சாய்வு எத்தனை பாகை, வரிசைகள் மெய்வடக்கிலிருந்து எத்தனை பாகை விலகுகின்றன, ஒரு வரிசையின் பின்விளிம்பிலிருந்து அடுத்ததன் முன்விளிம்புக்கு எத்தனை சென்ரிமீற்றர், யூன் 21 இல் எந்த வேளைக்கிடையில் நிழல் இல்லை ஆகிய நான்கையும் அளவுபடத்தோடு ஒப்பந்தத்தின் பகுதியாக்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட இடைவெளியைப் பின்னர் நிலைநாட்டுவது கடினம். ஒப்பந்தத்தில் எழுதிய 86 சென்ரிமீற்றர் 60 ஆகக் குறைந்தால் நாடாவே சாட்சி சொல்லும். சாய்த்த சட்டகங்கள் கட்டடத்தின் உயரத்தைக் கூட்டுவதால், மாநகர சபையின் திட்டமிடல் பிரிவில் ஒப்புதல் தேவையா என்பதையும் முற்பணம் கொடுக்குமுன் கேட்டறிவது நல்லது. தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையினூடாகத் தொடர்புகொள்ளலாம்.

வேலை முடிந்தபின் பொருத்துநர் புறப்படுவதற்கு முன்பே இடைவெளியை அளந்துவிட வேண்டும். இன்வேட்டரில் தகடுகள் எப்படித் தொகுக்கப்பட்டுள்ளன என்பதையும் கேட்கலாம். நிழல் ஒருபோதும் விழாத முதல்வரிசையை, நிழல் விழக்கூடிய வரிசைகளோடு ஒரே தொடரில் கோத்தால், நல்ல வரிசையின் விளைச்சலும் மற்றவற்றால் இழுக்கப்படும்.

இறுதிச் சோதனை யூன் மாதத்தில். மேகமற்ற ஒரு நாளில் காலை 9 மணிக்கும் நண்பகலிலும் மாலை 3 மணிக்கும் கூரையைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும்; பாதுகாப்பான ஏறுவழி இல்லாதவிடத்து இதைப் பொருத்துநரிடமே கேட்கலாம். வரிசைகளின் அடியில் நீளமாக, நேர்க்கோடாகக் கருமை தெரிந்தால் அது முன்வரிசையின் நிழல். மரத்தின் நிழல் ஒழுங்கற்றும் திட்டுத்திட்டாகவும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்வேட்டரின் செயலியில் அன்றைய வளைவரையையும் பார்க்கலாம். தெளிந்த நாளில் அது குவிந்த குன்றுபோல் ஏறி இறங்கவேண்டும். காலையில் நெடுநேரம் தாழ்ந்து கிடந்து பின்னர் திடீரென்று படியேறினால், டயோட்டுகள் அதுவரை அடிப்பட்டைகளை விலக்கி வைத்திருந்தன என்று கொள்ளலாம். வளைவரை முழுவதும் ஒழுங்காக, ஆனால் எதிர்பார்த்ததைவிட மிகத் தாழ்வாக இருந்தால் நாள் முழுவதும் நிழல் இருந்திருக்கக்கூடும்; அப்போது படம்தான் முடிவு சொல்லும். படங்களைத் திகதியுடனும் நேரத்துடனும் சேமித்து, ஒப்பந்தப் படத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.